கிரே அயர்னும் டக்டைல் அயர்னும்: 500 கிலோ லேடில் ஒன்றில் மெக்னீசியம் செய்யும் வேலை

ஒரே தடிமனில் வார்த்த இரண்டு கம்பிகள். ஒன்று கிரே அயர்ன், மற்றது பவுண்டரியில் எஸ்.ஜி. அயர்ன் என்றும் சொல்கிற டக்டைல் அயர்ன். சம்மட்டியால் அடித்தால் முதல் கம்பி கொஞ்சமும் வளையாமல் பட்டென்று உடையும். இரண்டாவது வளையும், பல அடிகள் வாங்கிய பிறகே உடையும். உடைந்த முகத்தைப் பாருங்கள்: கிரே அயர்ன் கரும் சாம்பல் நிறத்தில் இருக்கும், விரலால் தடவினால் கரி ஒட்டும். டக்டைலின் முகம் ஸ்டீலைப் போல வெளிறி மினுங்கும்.

இரண்டிலும் கார்பன் மூன்றரை சதவீதத்தை ஒட்டித்தான் இருக்கிறது. இரண்டிலும் கன அளவில் கிட்டத்தட்ட பத்து சதவீதம் கிராஃபைட். டக்டைலில் கூடுதலாக இருப்பது நூறு கிலோ இரும்புக்கு நாற்பது கிராம் அளவிலான மெக்னீசியம். அது கிராஃபைட்டின் வடிவத்தை மாற்றுகிறது; வடிவம் மாறியதால் பலம் மாறுகிறது. அந்த நாற்பது கிராமை உள்ளே கொண்டுபோய், கடைசி மோல்டு ஊற்றி முடிக்கும்வரை அங்கேயே தக்கவைப்பதுதான் டக்டைல் அயர்ன் வார்ப்பில் கஷ்டமான பகுதி. இந்த வழிகாட்டி அந்த ஒரு வேலையை, 500 கிலோ உருகிய இரும்பைத் தாங்கும் வாளியான லேடில் ஒன்றை வைத்து, தொடக்கத்திலிருந்து பார்க்கிறது.

செதில் ஏன் பலவீனம், உருண்டை ஏன் பரவாயில்லை

கிரே அயர்ன் உறையும்போது கிராஃபைட் மெல்லிய செதில்களாக வளரும். மைக்ரோஸ்கோப்பில் அவை தனித்தனிக் கோடுகளாகத் தெரியும். உண்மையில் ஒரு உறைவு மையத்திலிருந்து கிளம்பும் செதில்கள் எல்லாம், சாமந்திப் பூவின் இதழ்கள் அடியில் சேர்ந்திருப்பது போல, ஒன்றோடொன்று இணைந்தவை. நாம் வெட்டிப் பார்க்கும் தளத்தில் இதழ்களின் ஓரம் மட்டும் கோடாகத் தெரிகிறது.

கிராஃபைட்டுக்குச் சொல்லிக்கொள்ளும்படி இழுவிசை பலம் கிடையாது. அதனால் இழுவிசை வரும்போது ஒவ்வொரு செதிலும் ஒரு விரிசல் மாதிரிதான் நடந்துகொள்ளும். நூறு மைக்ரான் நீளமும் முனையில் ஒரு மைக்ரான் ஆரமும் உள்ள செதிலை எடுத்துக்கொண்டு, நீள்வட்டத் துளைக்கான வழக்கமான சூத்திரத்தைப் போட்டுப் பாருங்கள். பாதி நீளம் 50. அதை முனை ஆரமான 1-ஆல் வகுத்து வர்க்கமூலம் எடுத்தால் 7. அதை இரண்டால் பெருக்கி ஒன்றைக் கூட்டினால் 15. அதாவது செதிலின் முனையில் தகைவு சராசரியைப்போல் பதினைந்து மடங்கு. உருண்டையான துளைக்கு அது ஏறக்குறைய இரண்டு மடங்குதான். இது தோராயக் கணக்குதான், ஆனால் வித்தியாசம் எந்த அளவில் இருக்கிறது என்பதைச் சரியாகக் காட்டுகிறது.

செதில் முனையில் கிளம்பிய விரிசல் அடுத்த செதிலை எட்டுவதற்கு அதிக தூரம் போக வேண்டியதில்லை. செதில்கள் இணைந்தே இருப்பதால் பாதை தயாராகவே இருக்கிறது. உருண்டைகளோ தனித்தனியாக நிற்கின்றன. நடுவில் இருக்கும் உலோகம் நீண்டு கொடுத்த பிறகே உடைப்பு ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போக முடியும். அந்த நீட்சிதான் கடினமுறிவு எதிர்ப்பு, அதாவது டஃப்னஸ்.

சுற்றியுள்ள உலோகம் இரண்டிலும் ஒரே வகைதான் என்பதைக் கவனிக்க வேண்டும். பெர்லைட் என்ற கெட்டியான உலோகக் கட்டமைப்பு நிறைந்த கிரே அயர்ன் 250 முதல் 300 மெகாபாஸ்கலில் உடையும், நீட்சி ஒரு சதவீதத்துக்கும் கீழே. அதே பெர்லைட்டில் கிராஃபைட் உருண்டையாக இருந்தால் 700-2 என்ற கிரேடு கிடைக்கும்: 700 மெகாபாஸ்கல், குறைந்தது 2 சதவீத நீட்சி. பெர்லைட்டுக்குப் பதில் முழுக்க மென்மையான ஃபெர்ரைட் வரும்படி செய்தால் 400-18: பலம் 400-க்கு இறங்கும், நீட்சி 18 சதவீதத்துக்கு ஏறும். ஆக, உருண்டை வடிவம் கதவைத் திறந்துவிடுகிறது. பலம் அதிகமா நீட்சி அதிகமா என்பதை அதற்கப்புறம் காப்பர், மாங்கனீஸ் அளவும் குளிரும் வேகமும் முடிவு செய்கின்றன.

அதற்காகக் கிரே அயர்னை மட்டமாக நினைக்க வேண்டாம். இழுவிசைக்கு எதிரியான அதே செதில் வலைதான் வெப்பத்தை வேகமாகக் கடத்துகிறது, அதிர்வையும் உள்வாங்குகிறது. பிரேக் டிஸ்க்கும் மெஷின் பெட்டும் கிரே அயர்னில் வார்க்கப்படுவதற்குச் சரியான காரணம் அது. அமுக்கு விசையில் கிரே அயர்ன் தன் இழுவிசை பலத்தைப்போல் மூன்று நான்கு மடங்கு தாங்கும். டக்டைல் தேவைப்படுவது இழுவிசை, வளைவு, அடி ஆகியவை வரும் இடங்களில்: கிராங்க் ஷாஃப்ட், ஸ்டியரிங் நக்கிள், அழுத்தக் குழாய் போன்றவற்றில்.

மெக்னீசியம் உள்ளே போய் என்ன செய்கிறது

கிராஃபைட் படிகம் அடுக்கடுக்கான தகடுகளால் ஆனது. அடுக்கின் ஓரமாக வளர்ந்தால் செதில். அடுக்குக்கு மேல் அடுக்காக எல்லாத் திசையிலும் வளர்ந்தால் உருண்டை. உருகிய இரும்பில் கரைந்திருக்கும் கந்தகமும் ஆக்சிஜனும் அடுக்குகளின் ஓரத்தில் ஒட்டி, அந்தப் பக்கமாகவே வளர்ச்சியைத் தள்ளுகின்றன. மெக்னீசியத்துக்கு இந்த இரண்டின் மீதும் கடும் ஈர்ப்பு. அது இரண்டையும் பிடித்துக்கொண்டு மெக்னீசியம் சல்ஃபைடாகவும் ஆக்சைடாகவும் கசடில் சேர்ந்துவிடும். ஓரங்கள் சுத்தமானதும் கிராஃபைட் உருண்டையாக வளரும். வேலை முடிந்த பிறகும் கொஞ்சம் மெக்னீசியம் இரும்பில் மிஞ்சியிருக்க வேண்டும். காற்றிலிருந்து ஆக்சிஜன் வந்துகொண்டேதான் இருக்கும், அதற்குப் பதில் சொல்ல ஆள் வேண்டும்.

இண்டர்நேஷனல் நிக்கல் கம்பெனியில் கீத் மில்லிஸ் 1943-ல் மெக்னீசியத்தைச் சோதித்தது வேறொரு நோக்கத்தில்: தேய்மானம் தாங்கும் வார்ப்பிரும்பில் குரோமியத்துக்கு மாற்று தேடிக்கொண்டிருந்தார். உருண்டைக் கிராஃபைட் அந்தத் தேடலில் வந்த பலன். காப்புரிமை 1949-ல் கிடைத்தது.

மிஞ்ச வேண்டிய அளவுக்கு ஒரு குறுகிய சந்து இருக்கிறது. 0.035 முதல் 0.050 சதவீதம் வரை பாதுகாப்பு. 0.030-க்குக் கீழே போனால் சில உருண்டைகள் புழு வடிவத்துக்கு மாறத் தொடங்கும், 0.020-ஐ ஒட்டினால் பெரும்பகுதி புழுவாகிவிடும். அதற்கும் கீழே பழையபடி செதில். 0.060-க்கு மேலே போனால் கிராஃபைட் கெடாது, ஆனால் கெட்டியும் நொறுங்குவதுமான கார்பைடும் சுருக்கக் குழிகளும் மேல்பரப்பில் கசடும் வரும்.

அடிப்படை இரும்பைத் தயார் செய்தல்

முதலில் கவனிக்க வேண்டியது கந்தகம். இண்டக்ஷன் ஃபர்னஸில் சுத்தமான ஸ்டீல் ஸ்கிராப்பும் பிக் அயர்னும் போட்டு உருக்கினால் கந்தகம் 0.010 முதல் 0.020 சதவீதத்துக்குள் நிற்கும். குபோலாவில் உருக்கினால் கோக்கிலிருந்து ஏறி 0.08-ஐத் தாண்டலாம், அதைக் கால்சியம் கார்பைடு போன்றவற்றால் முதலில் இறக்கிய பிறகே மெக்னீசியம் பற்றிப் பேச முடியும்.

கிரே அயர்னுக்கு நேர்மாறான தேவை. அதில் கந்தகம் 0.05-க்கு மேல் இருந்தால்தான், கிராஃபைட் பிறக்க மையங்களைத் தரும் இனாகுலேஷன் நன்றாகப் பிடிக்கும். அதனால் இரண்டையும் வார்க்கும் பவுண்டரியில் கிரே அயர்ன் ரைசரும் ரன்னரும் டக்டைல் சார்ஜில் கலந்துவிட்டால், மெக்னீசியம் எங்கே போனதென்று தெரியாமல் விழிக்க நேரும். ரிட்டர்ன்களைத் தனித்தனிக் குவியலாக வையுங்கள், குழப்பம் வந்த குவியலைக் கிரே அயர்னுக்கே அனுப்புங்கள்.

அடுத்தது சிலிக்கான். கடைசியில் வேண்டியது 2.5 சதவீதம். ஆனால் மெக்னீசியத்தைக் கொண்டுபோகும் கலவையான நாடுலைசரும் இனாகுலன்டும் நிறைய சிலிக்கானைக் கொண்டுவரும் என்பதால் ஃபர்னஸில் 1.3-ஐ ஒட்டி நிறுத்த வேண்டும். கணக்கு கீழே வருகிறது. கார்பன் 3.7. மாங்கனீஸ் 0.3-க்குள், பாஸ்பரஸ் 0.03-க்குள், குறிப்பாக அடி தாங்க வேண்டிய ஃபெர்ரைட் வகைக்கு.

எத்தனை கிலோ நாடுலைசர்?

லேடிலில் 500 கிலோ இரும்பு. கந்தகம் 0.015. நாடுலைசர் என்பது 6 சதவீத மெக்னீசியமும் 45 சதவீத சிலிக்கானும் உள்ள ஃபெர்ரோசிலிக்கான் மெக்னீசியம். ரியாக்ஷன் முடிந்ததிலிருந்து கடைசி மோல்டு வரை 10 நிமிஷம் ஆகும் என்று வைத்துக்கொள்வோம்.

கணக்கைக் கடைசி மோல்டிலிருந்து பின்னோக்கிப் போடுங்கள். அங்கே 0.038 வேண்டும். வழியில் நிமிஷத்துக்கு ஏறக்குறைய 0.001 தேயும், பத்து நிமிஷத்துக்கு 0.010. ஆகவே ஆரம்பத்தில் 0.048. ஒரு பங்கு கந்தகத்தைப் பிடிக்க 0.76 பங்கு மெக்னீசியம் செலவாகும், 0.015-க்கு அது 0.0114. இரண்டும் சேர்ந்து 0.0594.

போடுகிற மெக்னீசியம் முழுவதும் தங்காது. மெக்னீசியம் சுமார் 1,090 டிகிரியில் கொதிக்கும்; நம் இரும்பு 1,480-ல் இருக்கிறது. அடர்த்தியிலும் இரும்பில் நான்கில் ஒரு பங்குதான். ஆவியாகிக் குமிழி குமிழியாக மேலே வந்து வெள்ளை வெளிச்சத்துடன் எரிந்துபோகும். திறந்த லேடிலில் பாதி தங்கினால் நல்ல வேலை. எனவே 0.0594-ஐப் பாதியால் வகுத்தால் 0.119 போட வேண்டும். நாடுலைசரில் 6 சதவீதமே மெக்னீசியம் என்பதால் அது 1.98 சதவீத நாடுலைசர். 500 கிலோவுக்கு 9.9 கிலோ.

அந்த 9.9 கிலோவில் சிலிக்கான் நாலரைக் கிலோவுக்கு அருகில். அதாவது இரும்பில் கிட்டத்தட்ட 0.9 சதவீதம் கூடும். இனாகுலன்ட் இன்னும் 0.35 கூட்டும். 2.5-லிருந்து இரண்டையும் கழித்தால் 1.25, கொஞ்சம் சிலிக்கான் எரிந்துபோவதால் 1.3. இதைப் பார்க்காமல் கிரே அயர்ன் வழக்கத்தில் 2.0 சிலிக்கானில் ஆரம்பித்தால் முடிவில் 3.2-க்குப் போய்விடும். அப்படிப்பட்ட வார்ப்பு குளிர் நிலையில் ஒரே அடியில் உடையும், கிராஃபைட் எவ்வளவு அழகான உருண்டையாக இருந்தாலும் சரி.

லேடிலில் வைப்பதும் ஊற்றுவதும்

சாண்ட்விச் முறையைச் சொல்கிறேன். சிறிய பவுண்டரிக்கு இதுவே எளிது. லேடில் உயரம் விட்டத்தைப்போல் இரண்டு மடங்காவது இருக்க வேண்டும். ஆவிக் குமிழி எவ்வளவு உயரம் இரும்புக்குள் பயணிக்கிறதோ அவ்வளவு மெக்னீசியம் கரையும். அடியில் ஒரு பக்கம் குழி. சிவக்கச் சூடேற்றிய, ஈரமே இல்லாத லேடிலில் அந்தக் குழிக்குள் நாடுலைசரைக் கொட்டி மட்டமாக்குங்கள். மேலே 6 அல்லது 7 கிலோ ஸ்டீல் பஞ்சிங் தூளை, நாடுலைசர் ஒரு துண்டுகூட வெளியே தெரியாதபடி மூடுங்கள். ஈரம் பற்றி ஒரு வார்த்தை: ஈரமான லேடிலோ ஈரமான நாடுலைசரோ உருகிய இரும்பை வெளியே வீசும். முகக் கவசமும் தள்ளி நிற்பதும் கட்டாயம்.

இரும்பைக் குழிக்கு எதிர்ப்பக்கம் விழும்படி, தயக்கமில்லாமல் வேகமாக ஊற்ற வேண்டும். எல்லாம் சரியாக இருந்தால் லேடில் பாதியளவாவது நிரம்பிய பிறகே வெளிச்சம் கிளம்பும். மூடிய ஸ்டீல் உருகி வழிவிட அவ்வளவு நேரம் ஆகும். அதற்குள் மேலே போதிய உயரத்துக்கு இரும்பு வந்துவிடும். ஊற்ற ஆரம்பித்தவுடனேயே வெளிச்சம் பாய்ந்தால் மூடல் சரியில்லை, அல்லது தாரை நேராகக் குழியில் விழுந்துவிட்டது என்று அர்த்தம்.

அப்படி நேர்ந்தால் என்ன ஆகும் என்று அதே கணக்கில் பாருங்கள். போட்டது 0.119. தங்கியது பாதிக்குப் பதில் 35 சதவீதம் என்றால் 0.0416. கந்தகம் 0.0114-ஐ எடுத்துக்கொண்டபின் மிச்சம் 0.030. முதல் மோல்டே விளிம்பில் நிற்கிறது. பத்து நிமிஷம் கழித்துக் கடைசி மோல்டில் 0.020, அதாவது புழு வடிவம். முதல் வார்ப்பை மட்டும் எடுத்துச் சோதித்திருந்தால் இது தெரியாமலே போயிருக்கும்.

இன்னொரு அமைதியான தவறு எடை. கண் மதிப்பில் 500-க்குப் பதில் 550 கிலோ ஊற்றிவிட்டால், எல்லாம் ஒழுங்காக நடந்தாலும் ஆரம்பம் 0.043-ஆகவும் முடிவு 0.033-ஆகவும் இறங்கும். கிரேன் தராசு இல்லாமல் டக்டைல் வார்க்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. மறுபக்கம், டண்டிஷ் மூடி போட்ட லேடிலுக்கு மாறினால் தங்கும் அளவு 60 சதவீதத்துக்கு ஏறலாம், பழைய 9.9 கிலோவையே தொடர்ந்தால் ஆரம்பம் 0.060 ஆகிவிடும். முறை மாறினால் எடையும் மாற வேண்டும்.

கசடு, இனாகுலேஷன், கடிகாரம்

ரியாக்ஷன் அடங்கியதும் கசடை உடனே, முழுவதும் எடுங்கள். இதில் சோம்பல் கூடாது. மேலே மிதக்கும் மெக்னீசியம் சல்ஃபைடு காற்றோடு சேர்ந்தால் மெக்னீசியம் ஆக்சைடாகி, கந்தகத்தை மறுபடி இரும்புக்குள் விடும். அந்தக் கந்தகம் மிச்சமிருக்கும் மெக்னீசியத்தைத் தின்னும். நிமிஷத்துக்கு 0.001 என்று நாம் போட்ட தேய்மானம் கசடு எடுத்த லேடிலுக்குத்தான். எடுக்காவிட்டால் வேகம் கூடும்.

ஊற்று லேடிலுக்கு மாற்றும்போது தாரையில் 75 சதவீத ஃபெர்ரோசிலிக்கான் இனாகுலன்டை அரை சதவீதம், அதாவது இரண்டரைக் கிலோ, சீராகத் தூவுங்கள். மெக்னீசியம், இரும்பில் கார்பைடு உருவாவதையும் தூண்டும். அதைத் தடுத்து, நிறைய மையங்களில் கிராஃபைட் பிறக்க வைப்பது இனாகுலன்ட். இது குறைந்தால் உருண்டைகள் எண்ணிக்கையில் குறைந்து பெரிதாகும், மெல்லிய சுவர்களில் வெள்ளையாகக் கார்பைடு உறையும், டிரில் பிட் வழுக்கும். இதன் சக்தியும் நேரத்தோடு தேயும். மோல்டு வாயில் இன்னும் 0.1 சதவீதம் தூவுவது கடைசி மோல்டுகளைக் காப்பாற்றும்.

நேரத்தை ரியாக்ஷன் அடங்கிய கணத்திலிருந்து எண்ணுங்கள், லேடில் ஊற்றுமிடம் வந்த கணத்திலிருந்து அல்ல. கிரேன் நின்றுபோய் பத்து நிமிஷம் தாண்டிவிட்டால் மிச்ச இரும்பைப் பிக் மோல்டில் கவிழ்த்துவிடுவதே மலிவு. நடுவழியில் மேலே கொஞ்சம் நாடுலைசர் தூவிச் சரிசெய்யும் முயற்சிகள் வெளிச்சம் காட்டும், மெக்னீசியம் தராது.

சரியாக வந்ததா என்று அறிவது

கடைசி மோல்டு ஊற்றியதும் லேடிலில் மிஞ்சிய இரும்பிலிருந்து மாதிரி எடுங்கள். ஸ்பெக்ட்ரோ தரும் எண் உதவும், ஆனால் அது சல்ஃபைடாகக் கட்டுண்ட மெக்னீசியத்தையும் சேர்த்தே காட்டும். 0.040 என்று வந்தும் கிராஃபைட் கெட்டிருக்கலாம். ஆகவே ஒரு சிறு துண்டை மெருகேற்றி, அமிலம் போடாமல், நூறு மடங்கு உருப்பெருக்கத்தில் பாருங்கள். 85 சதவீதத்துக்குக் குறையாமல் உருண்டை இருந்தால் பொதுவாக ஏற்பார்கள். கருப்பு உருண்டைகளுக்கு நடுவே குட்டையான, நுனி மழுங்கிய, வளைந்த புழுக்கள் தெரிந்தால் மெக்னீசியம் தேய்ந்துவிட்டது. வார்ப்பின் நடுவில் நல்ல உருண்டை, தோலில் மட்டும் அரை மில்லிமீட்டருக்குச் செதில் என்றால் லேடிலில் குற்றமில்லை. மோல்டு மணலின் கெட்டிப்படுத்தியில் இருந்த கந்தகம் மேல்பரப்பின் மெக்னீசியத்தைச் சாப்பிட்டிருக்கிறது.

வார்ப்பை வெட்டாமல் சோதிக்க ஒலி இருக்கிறது. தட்டினால் டக்டைல் மணி போல் நீண்டு ஒலிக்கும், கிரே அயர்ன் மந்தமாக அடங்கும். இது செதிலைப் பிடிக்கும், புழுவை நம்பகமாகப் பிடிக்காது. அதற்கு அல்ட்ராசோனிக் தடிமன் மானி வேண்டும். நல்ல டக்டைலில் ஒலி வினாடிக்கு 5,600 மீட்டர் அளவில் ஓடும், கிராஃபைட் உருண்டையிலிருந்து விலக விலக வேகம் குறையும். மானியை 5,600-க்கு வைத்துவிட்டு, வெர்னியரில் சரியாக 25 மில்லிமீட்டர் உள்ள சுவரில் வையுங்கள். மானியும் 25 காட்டினால் நல்லது. 26.9 காட்டினால் சுவர் தடித்துவிடவில்லை. ஒலி 5,200-ல்தான் ஓடுகிறது. அந்த வார்ப்பைத் தனியே வையுங்கள்.

சந்தேகப்பட்ட லேடிலின் வார்ப்புகளைக் கடைசி மோல்டிலிருந்து முன்னோக்கி ஒவ்வொன்றாக மானியில் பார்த்து வாருங்கள். எங்கே அளவு சரியாகிறதோ அங்கேதான் மெக்னீசியம் எல்லையைத் தாண்டியிருக்கிறது. அதற்கு முந்தைய வார்ப்புகளில் இரண்டு மூன்றை உறுதிக்காகப் பார்த்துவிட்டு அனுப்பலாம். பிந்தையவற்றை ஹீட் ட்ரீட்மென்ட்டுக்கு அனுப்பி மீட்கலாமா என்று கேட்பவர்கள் உண்டு. கார்பைடு வந்திருந்தால் 900 டிகிரியில் வைத்து உடைக்கலாம், பெர்லைட் அதிகமென்றால் ஃபெர்ரைட்டாக மாற்றலாம். கிராஃபைட்டின் வடிவம் மட்டும் உறையும்போதே முடிவாகிவிட்டது. எந்த ஃபர்னஸும் புழுவை உருண்டையாக்காது. அவை உடைக்கப்பட்டு, கந்தக அளவு பார்த்து, அடுத்த சார்ஜுக்குப் போக வேண்டியவை.